பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஊதாத் தவளையைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். பேச்சை அவளே எழுதியிருந்தாள், நன்றாகவே எழுதியிருந்தாள். “எல்லாம் மனப்பாடம் மாமா. அந்தப் பேர் வந்தா மட்டும் நாக்கு ஒட்டிக்குது” என்றாள். வாசிக்கச் சொன்னேன். முதல் வரி இது: “நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸை 2003ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவரும் ஆவர்.”

தகவல் சரிதான். ஆனால் இதை ஒரே மூச்சில் யாராலும் சொல்ல முடியாது. மேடை ஏறியதும் வாய் உலர்ந்து மூச்சு குட்டையாகிவிடும். அந்த நேரத்தில் பேச்சைத் தொடங்கும் பெயரே பத்து அசைக்கு மேல் நீளத்தில் இருக்கிறது. முதலில் பெயரை அங்கிருந்து எடுத்தேன். “வருஷத்தில் சில நாள் மட்டுமே மண்ணுக்கு மேலே வரும் ஒரு தவளை இருக்கிறது. மழைக்காலத்தில் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்னும்.” இந்த மூன்று வரியும் வீட்டில் பேசுகிற சொற்கள். இவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் தன் இடத்துக்கு வந்துவிடும். பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்தது அந்த ‘சஹ்யாத்ரென்சிஸை’. அவள் தடுக்கியது சரியாக அந்தக் கடைசி ‘ஐ’யில்தான். தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டியாக வேண்டும். ராமனை, மரத்தை என்று ஒட்டி ஒட்டியே நம் நாக்கு பழகியிருக்கிறது. லத்தீன் பெயரின் வாலில் ‘ஐ’, ‘இன்’, ‘உக்கு’ சேர்த்தால் ஏற்கெனவே நீண்ட சொல் இன்னும் நீளும், கடைசி அசையின் ஒலியும் மாறும். அவள் ‘சிஸ்’ என்று முடித்துப் பழகியிருந்தாள். எழுத்தில் ‘சிஸை’ என்று வந்ததும் நாக்கு பின்வாங்கியது. இதற்கு வழியும் தமிழிலேயே இருக்கிறது. ‘என்னும் தவளை’ என்று சேர்த்துவிட்டால் உருபு தவளையின் தலையில் ஏறிக்கொள்ளும், பெயர் அப்படியே நிற்கும். இதைவிட நல்ல வழி, பெயரை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது. தமிழில் வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முடியும் அல்லவா? “இதன் முழுப் பெயர் இது” என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, பெயரைச் சொல்லி முற்றுப்புள்ளி. பெயருக்குப் பின்னால் எதுவும் காத்திருக்காததால் அவசரமும் இல்லை.

பிறகு எழுத்தைப் பார்த்தேன். தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ‘பழம்’ என்பதிலும் அதுதான், ‘பயம்’ என்பதிலும் அதுதான். கிரேக்க மொழியில் தவளைக்குப் பட்ராக்கோஸ் என்று பெயர். அதில் வருவது பயத்தின் ‘ப’. அவள் பழத்தின் ‘ப’வைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘ராகஸ்’ என்று ஒற்றைக் ககரமாக எழுதியதால் ‘பகல்’ என்பதைப் போல அது குழைந்துவிட்டது. ‘பக்கம்’ என்பதைப் போல ‘ராக்கஸ்’ என்று எழுதினால் கண் பார்த்ததும் வாய் அழுத்தமாகச் சொல்லும். மேடைக்கான பிரதியில் எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது, ஒலிப்பிழைதான் பார்க்க வேண்டும். ‘ப’வின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘பயம்’ என்று ஓரத்தில் எழுதினேன். அவள் சிரித்தாள், ஆனால் அதற்குப் பிறகு அந்த எழுத்தில் தவறவில்லை.

இந்தப் பெயர்களுக்கு ஒரே ‘சரியான’ உச்சரிப்பு என்று எதுவும் கிடையாது என்பதையும் அவளிடம் சொன்னேன். ஆங்கிலேயர் ஒரு மாதிரியும் இத்தாலியர் வேறு மாதிரியும் சொல்வார்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே சொன்னால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதற்கு அப்புறம்தான். பெயரை முழுதாகச் சொல்வதற்கு முன்பே அதன் துண்டுகளைக் கதையாகச் சொல்லிவிடுவது. கேட்பவருக்கு அது விளக்கம், பேசுபவருக்கு அது ஒத்திகை. எழுதியது இப்படி வந்தது:

“இந்தத் தவளைக்குக் கூர் மூக்கு. வடமொழியில் மூக்குக்கு நாசிகா. கிரேக்கத்தில் தவளைக்குப் பட்ராக்கோஸ். இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் நாசிகாபட்ராக்கஸ். / இது வாழும் மலை நம் மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்கு இன்னொரு பெயர் சஹ்யாத்ரி. அந்த மலைக்கு உரியது என்பதால் சஹ்யாத்ரென்சிஸ். / முழுப் பெயர் இது: நாசிகாபட்ராக்கஸ் / சஹ்யாத்ரென்சிஸ்.”

சாய்கோடு உள்ள இடத்தில் மூச்சு. முழுப் பெயர் வரும்போது அதன் எல்லா அசைகளும் ஒருமுறை வாயில் உருண்டு முடிந்திருக்கும். அவள் பேச்சில் ஏழு இடத்தில் இருந்த பெயரை இந்த ஓர் இடத்தோடு நிறுத்திவிட்டு, மற்ற இடங்களில் ‘ஊதாத் தவளை’ என்று மாற்றினோம்.

எல்லாப் பெயரும் இப்படிப் பிரிந்து வழிவிடாது. குறிஞ்சிச் செடியின் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. முதல் ஒலியே மூன்று மெய் அடுக்கு. ‘இதன் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்று எழுதினால் ‘பெயர்’ என்பதன் ‘ர்’ வேறு சேர்ந்து நான்கு மெய்யாகும், சொல்பவர் ‘இஸ்ட்ரோ’ என்று ஓர் இகரத்தை இழுத்துக்கொள்வார். உயிரில் முடியும் சொல்லை முன்னால் வைத்து, இடைவெளி விடாமல் சொல்ல வைக்க வேண்டும். ‘குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ்’ என்றால் அந்த ‘ஸ்’ குறிஞ்சியின் இகரத்தில் சாய்ந்துகொள்ளும், வாய்க்கு ‘ட்ரோ’ மட்டுமே மிஞ்சும். ஆக, தவளைக்குப் பெயருக்கு முன் மூச்சு வேண்டும், குறிஞ்சிக்கு மூச்சே கூடாது. எது வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஒத்திகையில் கைப்பேசியில் பதிந்து கேட்டோம். பெயர் நன்றாகவே வந்தது. ஆனால் அடுத்த வரியில் தடுக்கினாள். ‘சகதியில் சிறு சிறு சுவடு’ என்று அவள் எழுதியிருந்த வரி அது. ‘சிஸ்’ என்று முடித்த நாக்கு உடனே இத்தனை சகரத்தைத் தாங்கவில்லை. ‘மண்ணில் இருந்து வெளியே வரும்போது’ என்று மாற்றியதும் சரியானது. ஒருவேளை மேடையில் பெயரே தவறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். “இன்னொரு முறை பிரித்துச் சொல்கிறேன்” என்ற வரியைப் பிரதியிலேயே எழுதி வைத்தேன். தவறினால் சொல்லலாம், தவறாவிட்டால் விட்டுவிடலாம்.

பிரதியில் கடைசியாகத் திருத்தியது ஒரு சுருக்கம். 2017இல் இந்த இனத்தின் உறவு ஒன்று நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்டறியப்பட்டு, ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைப் பெற்றது. புத்தக வழக்கப்படி அதை அவள் ‘என். பூபதி’ என்று குறித்திருந்தாள். வாய்விட்டுப் படித்தால் ‘என் பூபதி’ என்று கேட்கும். சுருக்கத்தை அடித்துவிட்டு முழுதாக எழுதச் சொன்னேன். நேரம் போதாது என்று அந்த வரியையே அவள் எடுத்துவிட்டாள்.

கண்காட்சியன்று நடுவர் ஒருவர், “தமிழ்நாட்டில் இந்தத் தவளை கிடையாதா?” என்று கேட்டாராம். பிரதியில் இல்லாத பதில். “இருக்கு சார், ஸ்ரீவில்லிபுத்தூர்ல. அதோட பேர் நாசிகாபட்ராக்கஸ் பூபதி” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.