செயின் பறிபோன பிறகு: காவல் நிலையத்தில் காதில் விழும் சொற்கள்

இப்படி ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஆறரை மணிக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறார் ஒரு பெண். பின்னால் பைக்கில் வந்த இருவரில் ஒருவன், அவர் கழுத்தில் கிடந்த 5 பவுன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து அறுத்துக்கொண்டு போகிறான். கீழே விழுந்ததில் முழங்கை சிராய்த்துவிட்டது. கழுத்தில் சங்கிலி அறுத்த கோடு ரத்தம் கட்டியிருக்கிறது. அழுதபடியே கணவரோடு காவல் நிலையத்துக்குப் போகிறார். அங்கே எழுத்தர் கேட்கும் முதல் கேள்வி, "மனு எழுதிக் கொண்டுவந்திருக்கீங்களா?"

மனுவை அவரே எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாயால் சொன்னாலும் போதும். காவல் அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் எழுத முடிந்தவர்கள் தாங்களே எழுதுவது நல்லது. காரணம், பின்னால் நடக்கும் அத்தனைக்கும் அந்த ஒரு தாள்தான் அடிப்படை. எந்த இடம், எத்தனை மணி, சங்கிலியின் எடை, அதில் கோத்திருந்த டாலர், எப்போதாவது பற்றவைத்த இடம் இருந்தால் அது, பைக்கின் நிறம், ஹெல்மெட் போட்டிருந்தார்களா என்பது வரை நினைவில் இருப்பதை எழுதலாம். தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. "சிவப்பு பைக்" என்று குத்துமதிப்பாக எழுதி, பிடிபடும் பைக் கறுப்பாக இருந்தால், இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார். புகார் கொடுக்கத் தாமதமாகியிருந்தால் அதற்கான காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

சில இடங்களில், "செயின் தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் தேடித் தர்றோம்" என்று அன்பாகவே சொல்வார்கள். இதற்கு இணங்கவே கூடாது. தொலைந்தது என்றால் குற்றம் நடக்கவில்லை என்று பொருள். குற்றமில்லை என்றால் வழக்கும் இல்லை.

அதேபோல் காயம். அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படிப் பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்ய வேண்டும். காவல் நிலையத்தில் 'ஏ.ஆர். காப்பி' என்பது இதன் நகலைத்தான். சிராய்ப்புதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் வழக்கின் பிரிவே இதனால் மாறக்கூடும். திடீரெனப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் 'பறிப்பு'. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. பறிப்பதற்காகக் காயப்படுத்தினால் அது 309ஆம் பிரிவில் வரும் வழிப்பறி. அதற்குத் தண்டனை ஆயுள் வரைகூடப் போகும்.

மனுவைக் கொடுத்ததும் கைக்கு ஒரு சிறிய ரசீது வருகிறது. தமிழ்நாட்டில் இதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். இரண்டும் வேறு. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை மட்டுமே. அதுவரை அந்தப் பெண் 'மனுதாரர்'. வழக்கு பதிவாகவில்லை, நீதிமன்றத்துக்கு எதுவும் போகவில்லை.

எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் வழக்கு பிறக்கிறது. அதில் 'குற்ற எண்' என்று ஒரு எண்ணும் ஆண்டும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும் இருக்கும். தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண் இருக்கிறதா என்பதைத்தான். நகல் இலவசம். அதைப் பெறுவது புகார் கொடுத்தவரின் உரிமை. இந்தக் கட்டத்தில் பெயர்களும் மாறுகின்றன. மனுதாரர் 'வாதி' ஆகிறார், குற்றம் சாட்டப்பட்டவர் 'எதிரி' ஆகிறார். வழக்கின் பெயரில் மட்டும் அந்தப் பெண் இருக்க மாட்டார். அரசு எதிர் இன்னார் என்றுதான் அது நடக்கும். அவருக்காக வாதாடப்போவது அரசு உதவி வழக்கறிஞர். அதனால் நீதிமன்றத்தில் வாதாடுவதற்குத் தனியாக வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதன் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சட்டம் சமரசத்துக்கு இடம்கொடுக்கும் குற்றங்களைத் தவிர மற்றவற்றில், வாதி மனம் மாறி "வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றால் மட்டும் வழக்கு நின்றுவிடாது.

எஃப்.ஐ.ஆர். போடாமல் அலைக்கழித்தால்? பிடியாணை இன்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதையே சொல்கிறது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு, முகாந்திரம் இருக்கிறதா என்று 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதற்கு மேலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அங்கும் பலனில்லை என்றால், பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். தபால் ரசீதைத் தொலைத்துவிடக் கூடாது, மாஜிஸ்திரேட் அதைக் கேட்பார்.

வழக்கு பதிவாகிவிட்டது. விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்குகிறார். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது, அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். புகாரில் கையெழுத்து அவசியம் என்றாலும், இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம்.

சில வாரங்களில் இருவரும் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "வந்து பாருங்கம்மா, இவனுங்கதானே?" என்று நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால், ஆத்திரத்தில் ஓடிப்போய்ப் பார்ப்பது வழக்கைக் கெடுக்கும். முன்பின் தெரியாத எதிரியை அடையாளம் காட்ட, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சிறையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஒத்த தோற்றமுள்ள பலரோடு நிற்கும் ஆளை அங்கேதான் காட்ட வேண்டும். நிலையத்திலோ செல்போன் படத்திலோ முன்பே பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பே இல்லாமல் போகும். கைதானவர்களை முகத்தை மூடி அழைத்துவருவதற்கும் இதுதான் காரணம்.

கைது செய்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, எதிரிகளை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும். அவர் காவலில் வைக்க உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். அது தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் ஏற்பாடு. சிறையில் வைத்தால் நீதிமன்றக் காவல். நகையை எங்கே விற்றார்கள் என்று கண்டுபிடிக்க காவல்துறை கேட்டு வாங்கித் தன்னிடம் வைத்து விசாரித்தால் போலீஸ் காவல். இது மொத்தமே 15 நாளுக்கு மேல் போக முடியாது.

ரிமாண்ட் ஆன நாளைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பறிப்பு என்று மட்டும் வழக்கு இருந்தால் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். காயத்தோடு கூடிய வழிப்பறி என்றால் 90 நாள். மார்ச் 1ஆம் தேதி ரிமாண்ட் என்றால் அந்த நாளையும் சேர்த்து ஏப்ரல் 29 அறுபதாவது நாள். அதற்குள் தாக்கலாகவில்லை என்றால், எதிரி கேட்டு, பிணையாளரையும் காட்டினால், ஜாமீன் தந்தே ஆக வேண்டும். குற்றம் எவ்வளவு கொடியது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இந்தத் தேதி நெருங்கும்போது விசாரணை அதிகாரியைப் பார்த்து, குற்றப்பத்திரிகை எந்த நிலையில் இருக்கிறது என்று வாதி கேட்பதில் தவறே இல்லை.

ஜாமீன் என்ற சொல் கேட்டதும் பல குடும்பங்கள் இடிந்துபோகின்றன, "காசு கொடுத்து வெளியே வந்துட்டான், கேஸ் முடிஞ்சது" என்று. வழக்கு முடியவில்லை. பிணையாளர்களின் பொறுப்பில், பல நேரம் தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனையோடு, வெளியே விடப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். வெளியே வந்தவர் வீட்டுப் பக்கம் வந்து மிரட்டினால் உடனே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஜாமீனை ரத்து செய்யக் கோருவதற்கு அதுவே ஆதாரம். ஜாமீன் மனு விசாரணையின்போதே பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

மீட்கப்பட்ட சங்கிலி நேராக வீட்டுக்கு வராது. சாட்சிகள் கையெழுத்திட்ட மகஜரோடு நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடை ரசீதோ, அந்தச் சங்கிலியோடு எடுத்த பழைய படமோ வைத்து மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்தால், படம் எடுத்துப் பதிவுசெய்துகொண்டு, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற உறுதியின் பேரில் ஒப்படைப்பார்கள்.

கடைசிச் சொல், குற்றப்பத்திரிகை. விசாரணையில் கண்டதையெல்லாம் தொகுத்துக் காவல்துறை நீதிமன்றத்தில் தரும் அறிக்கை அது. அந்தப் பெண்ணின் பெயர் இதில் பெரும்பாலும் முதல் சாட்சியாக இருக்கும். தன் புகாரில் இருந்த காயமும் சங்கிலியின் எடையும் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் வாதிக்குத் தெரிவிப்பது இப்போது காவல்துறையின் கடமை.

ஆளே அகப்படாவிட்டால், 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று வழக்கை முடித்து ஒரு அறிவிப்பு வரும். ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டு வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. வழக்கை முடிப்பதற்கு முன் புகார் கொடுத்தவரைக் கேட்க வேண்டும் என்று 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. சிசிடிவி பதிவைப் பார்க்கவில்லை, அடகுக் கடைகளில் விசாரிக்கவில்லை என்பது போன்ற காரணங்களை எழுதி மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு கொடுக்கலாம். அவர் மேற்கொண்டு விசாரிக்கச் சொல்ல முடியும்.

இதையெல்லாம் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசியில் கேட்பதற்கான எண் 15100.