பாதித் தவணை கட்டியாகிவிட்டது, பாதி அசல் ஏன் குறையவில்லை?

பத்து லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். ஆண்டு வட்டி 9 சதவீதம், பத்து வருடத் தவணை. ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் வங்கிக்குப் போய் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார். ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பது அவர் எண்ணம். வங்கி சொல்லும் தொகை 6,10,240 ரூபாய். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வங்கி ஊழியர்கள் எழுதும் ஜேஏஐஐபி தேர்வில் கணக்கியல், நிதி மேலாண்மைத் தாளுக்குப் படிப்பவர்கள் இந்தத் தொகையைத் தாங்களே போட்டு எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் கழித்தல் குறியை எங்கே போடுவது என்று தேர்வு அறையில் தடுமாறுவதுண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் இருக்காது. மாத வட்டி 0.75 சதவீதம் தரும் இடத்தில் பத்து லட்சம் போட்டால் மாதாமாதம் 7,500 ரூபாய் வட்டி வரும். அசலைத் தொடாதவரை அது நிற்கவே நிற்காது. ஆக, A ரூபாய் முடிவில்லாமல் வந்துகொண்டிருக்க இன்று போட வேண்டியது A/r. நமக்கோ அந்த வரவு என்றென்றைக்கும் வேண்டாம், n மாதம் போதும். n மாதம் கழித்தும் A/r என்ற அந்த முதல் குறையாமல் அங்கேயே இருக்கும். அது நமக்குத் தேவையில்லை என்பதால் அதன் இன்றைய மதிப்பைக் கழித்துவிடலாம். n மாதம் கழித்து வரும் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர (1+r)^n ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

```
PV = A/r − (A/r)/(1+r)^n
   = A × [1 − (1+r)^−n] / r
```

குறிப்பிட்ட காலத்துக்குச் சம இடைவெளியில் வரும் சம தொகைகளைத்தான் அன்யூட்டி என்கிறோம். அதன் இன்றைய மதிப்பு இது. கடனும் இதே கணக்குதான், பார்க்கும் பக்கம் மட்டும் வேறு. வங்கி இன்று கையில் தரும் P, நாம் இனிமேல் கட்டப்போகும் எல்லாத் தவணைகளின் இன்றைய மதிப்பு. P தெரியும், A தெரியாது என்று சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் மாதத் தவணை, அதாவது இஎம்ஐ, வந்துவிடும்.

```
EMI = P × r × (1+r)^n / [(1+r)^n − 1]
```

நம் கணக்கில் r = 0.0075, n = 120. சாதாரண கால்குலேட்டரில் 1.0075ஐ 120 தடவை பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் 12ஆம் அடுக்கைக் கண்டுபிடித்தால் 1.093807. அதற்கு 10ஆம் அடுக்கு எடுத்தால் 2.451357. மேலே 7,500 × 2.451357, கீழே 1.451357, விடை 12,667.58 ரூபாய்.

இங்கே பலர் செய்யும் தவறு, நடுவழியில் தசமத்தைச் சுருக்குவது. 1.093807ஐ 1.09 என்று எழுதி மேலே போனால் தவணை 12,985 என்று வரும். 317 ரூபாய் வித்தியாசம், விடை தவறு. குறைந்தது ஆறு தசம இடங்களாவது கடைசிவரை இருக்கட்டும்.

போட்ட விடை சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அசலை மட்டும் 120ஆல் வகுத்தால் 8,333. முதல் மாத வட்டி 7,500. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால், சராசரியாக அதில் பாதியாவது, அதாவது 3,750, சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 12,083. உண்மையான தவணை இதற்குச் சற்று மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் ஆரம்ப வருடங்களில் பாக்கி மெதுவாகத்தான் இறங்குகிறது. 0.0075க்குப் பதில் 0.075 என்று போட்டவருக்கு 75,000க்கு மேல் தவணை வரும்; இந்தச் சோதனையில் அது உடனே தெரிந்துவிடும்.

பாக்கி ஏன் மெதுவாக இறங்குகிறது? முதல் தவணையான 12,667.58இல் 7,500 வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் கழிவது 5,167.58 மட்டும். அடுத்த மாதம் வட்டி 7,461 ஆகக் குறைவதால், அசலுக்கு 39 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. இப்படி 60 மாதமும் அட்டவணை எழுதித்தான் ஐந்தாம் வருட பாக்கியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. எந்த நாளில் கேட்டாலும் பாக்கி என்பது மீதமிருக்கும் தவணைகளின் அன்றைய மதிப்பு. மீதம் 60 தவணை, (1.0075)^60 = 1.565681, அன்யூட்டிக் காரணி 48.1734. அதை 12,667.58ஆல் பெருக்கினால் 6,10,240. கட்டிய 7,60,055 ரூபாயில் 3,70,295 வட்டிக்கே போயிருக்கிறது. பாக்கி பாதியாகக் குறைய 73 தவணைகளுக்கு மேல் ஆகும்.

வட்டி மாறும்போதும் இதே வழிதான். மிதக்கும் வட்டியில் இருப்பவருக்கு வட்டி உயர்ந்தால் தவணையைக் கூட்டலாம் அல்லது காலத்தை நீட்டலாம். இந்தத் தெரிவைக் கடன்தாரருக்குக் கொடுக்கும்படி ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ஐந்தாம் வருட முடிவில் வட்டி 10 சதவீதமானால், 6,10,240ஐப் புதுக் கடனாக நினைத்து 60 மாதத்துக்குப் போடுங்கள். தவணை 12,966 ஆகும். பழைய தவணையையே கட்டுவதென்றால் 60 மாதம் 62 ஆகும், கடைசித் தவணை சற்றுக் குறைவாக. இதே உயர்வு கடன் வாங்கிய உடனே வந்திருந்தால் 120 மாதம் 130 ஆகியிருக்கும். காலத்தை நீட்டுவது ஆரம்பத்தில்தான் அதிகம் கடிக்கும்.

இதுவரை போட்டதெல்லாம் மாதக் கடைசியில் பணம் கட்டும் கணக்கு. வீட்டு வாடகை, காப்பீட்டு பிரீமியம் போல ஆரம்பத்திலேயே கட்டுவதாக இருந்தால் விடையை ஒரு தடவை (1+r)ஆல் பெருக்க வேண்டும். வருடம் 10,000 வீதம் 8 சதவீதத்தில் பத்து வருடம் வருவதன் இன்றைய மதிப்பு, ஆண்டு இறுதியில் என்றால் 67,101; ஆண்டுத் தொடக்கத்தில் என்றால் 72,469. கேள்வியில் ‘தொடக்கத்தில்’ என்ற ஒரே சொல்லில்தான் மொத்த வித்தியாசமும் இருக்கிறது.

கடைசியாக ஃபிளாட் வட்டி. ஒரு லட்சம், 10 சதவீதம் ஃபிளாட், இரண்டு வருடம் என்று பைக் கடன் தருகிறார்கள். வட்டி 20,000, மொத்தம் 1,20,000, மாதம் 5,000. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு லட்சத்துக்கும் வட்டி எடுக்கிறார்கள். உண்மை வட்டியைக் கண்டுபிடிக்க, 1,00,000ஐ 5,000ஆல் வகுத்தால் அன்யூட்டிக் காரணி 20. அட்டவணையில் 24 மாத வரிசையைப் பார்த்தால் 1.5 சதவீதத்துக்கு 20.03 என்று இருக்கும். காரணி கூடினால் வட்டி குறைவு, காரணி குறைந்தால் வட்டி கூடுதல். நமக்கு வந்த 20, அட்டவணையின் 20.03ஐ விடக் குறைவு. ஆகவே மாத வட்டி 1.5ஐ விடச் சற்றுக் கூடுதல், ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டும். விளம்பரப் பலகையில் இருந்த 10ஐ இரட்டிப்பாக்கி 20 என்று குறித்துவிட்டு வருபவர்களும் உண்டு, அதுவும் தவறுதான்.