மையை மறுக்கும் அச்சுப்பொறி

2016 செப்டம்பர் 13ஆம் தேதி, பல நாடுகளில் எச்பி நிறுவனத்தின் 'ஆஃபிஸ்ஜெட்' வகை அச்சுப்பொறிகள் சில ஒரே நாளில் அச்சிட மறுத்தன. மைக்கலனில் கோளாறு என்று திரையில் செய்தி வந்தது. முதல் நாள்வரை அதே கலனில் நன்றாக அச்சிட்டவர்கள் திகைத்தார்கள். உண்மையில் கலனில் பழுது எதுவும் இல்லை. அவை வேறு நிறுவனங்கள் தயாரித்த, விலை குறைந்த கலன்கள், அதுதான் காரணம்.

அச்சுப்பொறிக்கு அது எப்படித் தெரிந்தது? மைக்கலனின் பக்கத்தில் சிறு செம்புப் புள்ளிகள் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு சில்லு இருக்கிறது. கலனைப் பொருத்தியதும் அச்சுப்பொறி அந்தச் சில்லிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால் மட்டுமே வேலை தொடங்கும். என்ன கேள்வி கேட்க வேண்டும், எதைச் சரியான பதிலாக ஏற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அச்சுப்பொறிக்குள்ளேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருள். பிற நிறுவனங்கள் பழைய கேள்விக்குப் பதில் சொல்லும் சில்லுகளைச் செய்து விற்கின்றன. புதுப்பிப்பு வந்து கேள்வி மாறிவிட்டால், அந்தச் சில்லு விழிக்கும்.

2016இல் நடந்ததில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தடை விதிக்கும் நிரல் அன்றைக்கு வந்து இறங்கியதல்ல. அது முன்பே அச்சுப்பொறிகளுக்குள் வந்து, குறித்த தேதிவரை உறங்கிக் கிடந்தது. ஆகவே, "புதுப்பித்துப் பார்த்தேன், கலன் வேலை செய்கிறது" என்பதை வைத்து, இனிச் சிக்கல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எதிர்ப்பு கிளம்பியதும், முறையாக அறிவிக்கத் தவறியதை ஒப்புக்கொண்ட எச்பி, தடையை நீக்கும் மாற்று ஃபர்ம்வேரை வெளியிட்டது. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு, 15 லட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. ஆனால் பின்னர் வந்த பல அச்சுப்பொறிகளில் இந்தத் தடை முறை தொடர்கிறது.

அப்படியானால் புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே? அதிலும் ஆபத்து உண்டு. 2018 ஆகஸ்டில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தொலைநகல் வசதியுள்ள எச்பி அச்சுப்பொறி ஒன்றைத் தொலைபேசி இணைப்பின் வழியாகவே கைப்பற்றிக் காட்டினார்கள். அனுப்புபவருக்குத் தேவைப்பட்டது தொலைநகல் எண் மட்டுமே. அச்சுப்பொறி கைக்கு வந்தால், அதே வலையில் உள்ள கணினிகளுக்கும் வழி திறக்கும். அந்த ஓட்டையை அடைத்ததும் ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்புதான். பாதுகாப்பும் தடையும் ஒரே பொட்டலத்தில் வரலாம். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. பெரும்பாலும் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் முடியாது. எனவே முடிவைப் புதுப்பிப்பதற்கு முன்னரே எடுக்க வேண்டும்.

முதலில், உங்கள் கலனில் இருப்பது யாருடைய சில்லு என்று பாருங்கள். கொம்தார் பக்கம் மை வாங்கப் போனால் 'ஒரிஜினலா, கம்பேட்டிபளா?' என்பார்கள். கம்பேட்டிபளில் இருப்பது பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் சில்லு. தடைக்கு உள்ளாவது அதுதான். ஒரிஜினல் கலனிலேயே மீண்டும் மை நிரப்பினால், பழைய சில்லு அப்படியே இருக்கும். அத்தகைய கலன்கள் இந்தத் தடைக்கு உட்பட்டவை அல்ல என்று எச்பி நிறுவனமே கூறுகிறது.

அடுத்து, அச்சுப்பொறி எதனுடன் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஜார்ஜ் டவுனில் இரண்டு இடங்களை எண்ணிக்கொள்வோம். ஒரு வீட்டில் பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களை அச்சிட மட்டும் ஓர் இயந்திரம் இருக்கிறது. அது யுஎஸ்பி கம்பியில் ஒரே கணினியுடன் இணைந்துள்ளது; வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து அதைத் தாக்க நேர்வழி இல்லை. கம்பேட்டிபள் கலன் பயன்படுத்தும் அந்த வீட்டார், தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு இருக்கும் ஃபர்ம்வேருடனேயே தொடரலாம். இன்னொன்று ஒரு சிறிய அலுவலகம். அங்கே அச்சுப்பொறி வைஃபையிலும் தொலைநகல் இணைப்பிலும் இருக்கிறது. அதே வலையில் வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் உள்ளன. மையில் மிச்சமாகும் ரிங்கிட்டுக்காக அந்த ஓட்டையைத் திறந்து வைக்கக் கூடாது. ஒரு தொகுதி ஒரிஜினல் கலன்களை வாங்கி வைத்துக்கொண்டு புதுப்பிப்பதே நல்லது.

இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், தங்கள் மாடலுக்கான புதுப்பிப்புக் குறிப்பைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் படிக்கலாம். பாதுகாப்பு ஓட்டை ஏதும் சரிசெய்யப்பட்டதாக அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது உங்கள் மாடலில் நீங்கள் பயன்படுத்தும் வசதியைப் பற்றியதா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால், கையில் உள்ள மை தீரும்வரை புதுப்பிப்பைத் தள்ளிப்போடலாம்.