சட்டையில் வியர்வைத் திட்டு: மடிப்பு கலையாமல் நீக்குவது எப்படி?

சித்திரை வெயிலில் கல்யாணம். வெளிர்நீலப் பருத்திச் சட்டையில் மாப்பிள்ளை நிற்கிறார். படம் அருமை, ஆனால் அக்குளில் உள்ளங்கை அளவு ஈரத்திட்டு. ஸ்டுடியோவில் பலரும் உடனே குளோன் ஸ்டாம்பை எடுத்து, பக்கத்துத் துணியைக் கொண்டுவந்து அதன்மேல் பூசிவிடுகிறார்கள். திட்டு போய்விடும், கூடவே மடிப்பும் போய்விடும். அந்த இடம் மட்டும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகிவிடும்.

ஈரம் துணியை அழிப்பதில்லை. நூலிழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தில் நீர் புகுந்துகொள்வதால், வெளிச்சம் சிதறித் திரும்புவது குறைகிறது. துணி கருத்துத் தெரிகிறது, நிறமும் அழுத்தமாகிறது. மடிப்பும் இழையும் அந்த இருட்டுக்குள் அப்படியே இருக்கின்றன. ஆகவே மூட வேண்டியதில்லை, வெளுக்க வைத்தால் போதும்.

போட்டோஷாப்பில் முதலில் Color Sampler கருவியால் நான்கு புள்ளிகள் வையுங்கள். காய்ந்த துணியில் மடிப்பின் மேடு ஒன்று, குழி ஒன்று. ஈரத்திலும் அதேபோல் இரண்டு. வெளிச்சம் ஒரே மாதிரி விழும் இடங்களாக இருக்க வேண்டும். Info பலகையில் G எண்ணைப் பாருங்கள். காய்ந்த மேடு 185, ஈர மேடு 130. காய்ந்த குழி 105, ஈரக் குழி 80 என்று வைத்துக்கொள்வோம். Curves லேயர் ஒன்றைச் சேர்த்து, வளைகோட்டில் 130ஐ 185க்கும் 80ஐ 105க்கும் உயர்த்துங்கள். மேட்டை மட்டும் பார்த்து மொத்தமாக வெளுத்தால் குழிகள் சாம்பல் பூத்துவிடும். மடிப்பின் ஆழத்தைக் காப்பது இந்த இரண்டாவது புள்ளிதான்.

இப்போது படம் முழுவதும் வெளுத்திருக்கும். லேயரின் மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கருப்பாக்குங்கள். பிறகு மென்மையான பிரஷ்ஷில் Flow 10% வைத்து, திட்டின் மேல் மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுங்கள். நீலம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தால், அதே மாஸ்க்கோடு ஒரு Hue/Saturation லேயர் சேர்த்து நிறத்தைச் சற்றுக் குறைக்கலாம்.

அதிகம் படுத்துவது திட்டின் விளிம்புதான். பல படங்களில் அங்கே ஒரு கோடு எஞ்சி நிற்கும். குளோன் ஸ்டாம்புக்கு இங்கேதான் வேலை: Mode-ஐ Lighten-இல் வைத்து, Opacity 20 சதவீத அளவில், மடிப்பு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். மேலே தற்காலிகமாக ஒரு Black & White லேயர் போட்டால் நிறம் விலகி, எஞ்சிய கருமை சட்டென்று கண்ணில் படும். அதற்காக எல்லாக் கருமையையும் துடைத்துவிடாதீர்கள். அக்குளில் இயல்பாகவே நிழல் உண்டு. அதையும் எடுத்தால் கை தனியாக ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

மெல்லிய வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தால் இந்த வழி பலிக்காது. அங்கே தெரிவது தோலின் நிறம். வெளுக்க வெளுக்க அது இளஞ்சிவப்பாகத்தான் மாறும். அதே வெளிச்சத்தில் முன்னதாக எடுத்த படத்திலிருந்து காய்ந்த துணியை எடுத்துப் பொருத்துவதே அதற்கு வழி.