கோபுரம் ஏன் கண் சிமிட்டுகிறது?

வல்லக்கோட்டையில் ஒரு மொட்டை மாடி. எதிரே முருகன் கோயில் கோபுரம், கீழே சாலை. செல்போனை அசையாமல் நிறுத்தி, 5 விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 720 படங்கள் சேரும். விநாடிக்கு 24 படம் வீதம் ஓட்டினால் 30 விநாடிப் படம் தயார். மேகம் விறுவிறுவென்று ஓடுகிறது. ஆனால் கோபுரம் திடீர் திடீரென்று மங்கித் தெளிகிறது. அதைக் கவனித்தீர்களா? கெட்டிக்காரக் கண்கள்தான்!

காரணம் சாலையில் இருக்கிறது. ஒரகடம் பக்கம் போகும் பெரிய வெள்ளை கன்டெய்னர் லாரி ஒன்று வருகிறது. "ஐயோ, வெளிச்சம் அதிகம்!" என்று கேமரா நினைத்து, அந்த ஒரு படத்துக்கு மட்டும் ஒளியைக் குறைத்துக்கொள்கிறது. லாரி போனதும் பழையபடி கூட்டிவிடுகிறது. புரிகிறதா? மாறியது வெயில் அல்ல, கேமராவின் கணக்கு.

இதைச் சரிசெய்ய, பக்கத்துப் படங்களைக் கேட்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஒளி எண் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. கோபுரச் சுவரில் ஒரு சிறு கட்டத்தை எடுத்து, அதன் சராசரியை ஐந்து படங்களில் பார்ப்போம்: 118, 120, 96, 122, 120.

நடுவில் இருப்பதுதான் குறும்புக்காரப் படம். மற்ற நான்கின் சராசரி 120. அதை 96-ஆல் வகுத்தால் 1.25. இனி அந்தப் படத்தின் எல்லாப் புள்ளிகளையும் 1.25-ஆல் பெருக்க வேண்டும். 96 என்பது 120 ஆகிவிடும். 80 இருந்த நிழல் 100 ஆகும்.

முழுப் படத்தின் சராசரியை எடுத்தால் என்ன? அங்கேதான் ஏமாந்துபோவோம். லாரியின் வெள்ளை கூட்டியதை கேமராவின் இருட்டு குறைத்துவிடும். மொத்தச் சராசரி ஏறக்குறைய அப்படியே இருக்கும். கோளாறே இல்லை என்று கணினி சொல்லிவிடும். அதனால் அசையாத இடத்தில்தான் அளக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம் வரும். 720 படங்களையும் ஒரே ஒளிக்குக் கொண்டுவந்தால் எளிதல்லவா? கூடாது! ஒரு பட்டத்தை நினைத்துப் பாருங்கள். அது மெல்ல மேலே ஏறும், நடுநடுவே வெடுக்கென்று ஆடும். ஆட்டத்தை நிறுத்தலாம், ஏற்றத்தை நிறுத்தலாமா? மாலை மெல்ல இருட்டுவது உண்மையான மாற்றம். எல்லாவற்றையும் சமமாக்கினால் அந்திப்பொழுதே காணாமல் போகும். பக்கத்துப் படங்களோடு மட்டும் ஒப்பிட்டால் அது பிழைக்கும்.

பெருக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. வானத்தில் 220 இருந்த புள்ளி 275 ஆக வேண்டும். 255-க்கு மேல் இடமில்லை. மேகத்தின் மெல்லிய வரிகள் வெறும் வெள்ளையாகிவிடும். திருத்திய பின் மேகத்தை உற்றுப் பாருங்கள், தெரியும். அடுத்த முறை படம் எடுக்கும்போது கோபுரத்தைத் திரையில் அழுத்திப் பிடியுங்கள். பல செல்போன்களில் ஒளி அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். எந்த லாரி வந்தாலும் கேமரா கணக்கை மாற்றாது. ஆனால் பூட்டிய கணக்கு இருட்டுக்கு ஏற்பவும் மாறாது, அதனால் இருட்டத் தொடங்குவதற்குள் எடுத்து முடித்துவிடுங்கள்.