பூட்டியது ஞாபகமில்லை, பூட்ட ஞாபகமில்லை

ஒரு கிடங்கில் திருட்டு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து பார்த்தால் பின்கதவு திறந்து கிடக்கிறது, பூட்டு உடைபடவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும். அவர் எழுதுகிறார்: 'ஐ டிட் நாட் ரிமெம்பர் டு லாக் தி டோர்.' கதவைப் பூட்டினேனா இல்லையா என்று சரியாக ஞாபகம் இல்லை என்பதைத்தான் அவர் சொல்ல நினைத்தார். அவர் எழுதிய வாக்கியமோ, கதவைப் பூட்ட மறந்துவிட்டேன் என்கிறது. நினைத்தது வெறும் சந்தேகம், எழுதியது ஒப்புதல் வாக்குமூலம்.

அவர் எழுதியிருக்க வேண்டியது 'ஐ டோன்ட் ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்று. இதைப் படிக்கும் அதிகாரிக்குக் கதவு பூட்டப்பட்டதா இல்லையா என்பது தெரியாது. பூட்டியும் இருக்கலாம், அந்தக் காட்சி மட்டும் இவர் மனத்தில் பதியாமல் போயிருக்கலாம். முந்தைய வாக்கியத்தில் அந்த இடமே கிடையாது.

'ரிமெம்பர்' என்ற வினைக்குப் பின்னால் 'டு லாக்' வந்தால் ஞாபகம் முதலில் வருகிறது, வேலை அதற்குப் பின் நடக்கிறது. 'ஐ ரிமெம்பர்டு டு லாக் தி டோர்' என்றால், பூட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது, பூட்டியும் விட்டேன். 'லாக்கிங்' வந்தால் வரிசை தலைகீழ். பூட்டியது முதலில், அதைப் பற்றிய நினைவு பிறகு. இரண்டிலுமே கதவு பூட்டப்பட்டது உண்மைதான். அதனால்தான் உடன்பாட்டு வாக்கியத்தில் இந்தப் பிழை கண்ணில் படாமல் தப்பித்துப் போகிறது. எதிர்மறைக்கு வந்ததும் மாட்டிக்கொள்கிறோம்.

இந்த எதிர்மறை விளையாட்டை மொழியியலாளர் லௌரி கார்ட்டுனென் 1971இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். சில வினைகளுக்குப் பின் 'டு' வந்தால், அந்த வாக்கியத்தை 'ஆம்' என்று சொல்லும்போது வேலை நடந்ததாகவும், 'இல்லை' என்று சொல்லும்போது நடக்கவில்லை என்றும் பொருள்படும் என்று அவர் காட்டினார். 'மேனேஜ் டு' அப்படிப்பட்டது, 'ரிமெம்பர் டு' அப்படிப்பட்டது. 'ஃபர்கெட் டு' இதற்கு நேர் எதிராக ஓடும்: மறந்தேன் என்றால் செய்யவில்லை, மறக்கவில்லை என்றால் செய்தேன்.

பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்? இந்த வினைகளுக்குப் பின் ஜெரண்ட், அந்த வினைகளுக்குப் பின் இன்ஃபினிட்டிவ் என்று இரண்டு பட்டியல். இரண்டிலும் இடம்பெறும் ஐந்தாறு வினைகளுக்கு 'பொருள் மாறும்' என்று ஓர் அடிக்குறிப்பு. எந்தப் பக்கமாக மாறும், ஏன் மாறும் என்பதைச் சொல்வதில்லை. சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'டு' என்பது வேறெங்கிருந்தோ வந்த இலக்கணக் குறி அல்ல. மதுரைக்கு, கடைக்கு என்று திசை காட்டும் அதே 'டு'தான். அந்த முன்னோக்கிய சாய்வு வினையோடு சேர்ந்த பிறகும் முழுக்கப் போய்விடவில்லை, இனி நடக்க வேண்டியதைச் சுட்டுகிறது. 'இங்' வடிவமோ பழைய ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்கிய விகுதியின் வழி வந்தது. பெயராகிவிட்ட வேலை ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு பொருள் மாதிரி. அதை நினைக்கலாம், நிறுத்தலாம், பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எல்லா வினைக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. பொருள் மாறும் இந்தச் சில வினைகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 'பூட்டியது மறந்துபோச்சு' என்பதையும் 'பூட்ட மறந்துட்டேன்' என்பதையும் நாம் ஒரு நாளும் குழப்பிக்கொள்வதில்லை. செய என்னும் எச்சம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'டு', பெயராக நிற்கும் 'பூட்டியது', 'பூட்டுவது' வரும் இடத்தில் 'இங்'. இந்த ஒரு கணக்கு 'ஸ்டாப்' என்ற வினையை அப்படியே தீர்த்துவிடும். 'ஹி ஸ்டாப்டு டிரிங்கிங் டீ' என்றால் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார், சர்க்கரை கூடிவிட்டதோ என்னவோ. 'ஹி ஸ்டாப்டு டு டிரிங்க் டீ' என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். இங்கே நின்றுபோனது டீ அல்ல, அதற்கு முன் செய்துகொண்டிருந்த வேறு வேலை. 'டு' அதற்கான நோக்கத்தைச் சொல்கிறது. சிகரெட்டை விட்ட ஒருவர் டாக்டரிடம் 'ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால், போகிற வழியில் நின்று ஒன்று பற்றவைத்தேன் என்றுதான் ஆகும். இடமறிந்து டாக்டர் புரிந்துகொள்வார், அது வேறு.

'ட்ரை' கொஞ்சம் நுட்பமானது. இங்கே கணக்கின் இரண்டாம் பாதி அப்படியே உதவாது, ஆனால் தமிழில் அதைவிட நல்ல துணை ஒன்று கிடைக்கிறது: 'பார்' என்ற வினை. 'ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன்' என்று ஒருவர் சொன்னால், அடுத்து 'முடியலை' என்று வரும் என்றே காத்திருப்போம். 'ஜன்னலைத் திறந்து பார்த்தேன்' என்றால் ஜன்னல் திறந்தாயிற்று. புழுக்கம் போனதா, காற்று வந்ததா என்பதே கேள்வி. முன்னது 'ஐ ட்ரைடு டு ஓப்பன் தி விண்டோ', பின்னது 'ஐ ட்ரைடு ஓப்பனிங் தி விண்டோ'. ஒன்றில் வேலையே கஷ்டம். மற்றொன்றில் வேலை எளிது, அதனால் பலன் உண்டா என்பதுதான் சோதனை.

ஆபீசில் இது தினமும் இடறுகிறது. இன்டர்நெட் வரவில்லை என்று உதவி மையத்தை அழைக்கிறோம். 'ட்ரை ரீஸ்டார்ட்டிங் தி மோடம்' என்கிறார்கள், அதாவது ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள். நாமும் செய்து பார்த்தோம், பலனில்லை. பதிலுக்கு 'ஐ ட்ரைடு டு ரீஸ்டார்ட் தி மோடம்' என்று எழுதினால், எதிரில் இருப்பவர் ரீஸ்டார்ட்டே ஆகவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். பழுது லைனில் இருக்க, அவர் மோடத்தின் சுவிட்சு, அடாப்டர் என்று விசாரிக்க ஆரம்பிப்பார். 'ஐ ட்ரைடு ரீஸ்டார்ட்டிங் இட்' என்று எழுதியிருந்தால் அந்தப் படி முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம் என்று அவருக்குப் புரிந்திருக்கும். இதில் ஒரு சலுகையும் உண்டு. பேச்சில் ஆங்கிலேயர்களே முயற்சிக்கு 'இங்' போட்டுவிடுவது சகஜம். 'டு' பக்கம் அந்தத் தாராளம் குறைவு, ஆகவே செய்து முடித்ததைச் சொல்ல 'டு'வைத் தொடாமல் இருப்பதே பத்திரம்.

'ஃபர்கெட்' வினையை 'இங்'கோடு சேர்ப்பது பெரும்பாலும் 'ஒருபோதும் மறக்க மாட்டேன்' என்ற வகை வாக்கியத்தில்தான். தாஜ்மகாலை முதன்முதலில் பார்த்ததை மறக்கவே மாட்டேன் என்பதற்கு 'ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங்' என்று தொடங்கலாம். பூட்டியதே மறந்துவிட்டது என்பதற்கு 'ஐ ஃபர்காட் லாக்கிங்' என்று அவர்கள் அனேகமாகச் சொல்வதில்லை. 'ஐ ஃபர்காட் தட் ஐ ஹேட் லாக்டு இட்' என்று நீட்டியே சொல்வார்கள்.

மிச்சம் 'ரிக்ரெட்'. 'டு' வடிவம் இதில் சொல்லுதல், அறிவித்தல் போன்ற ஒருசில வினைகளோடு மட்டும்தான் இயல்பாக வரும், அதுவும் கெட்ட செய்திக்கு முன்னால். வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு வரும் கடிதம் 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றுதான் தொடங்கும். இனிமேல் சொல்லப்போவதற்காக முன்கூட்டியே வருந்துகிறார்கள். அதே கடிதத்தில் அவசரத்தில் 'வி ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்று விழுந்துவிட்டால், உங்களிடம் போய்ச் சொன்னோமே என்று கம்பெனி நொந்துகொள்வதாக ஆகிவிடும்.