படம் சொல்லாததைச் சொல்லும் பத்தி

கட்டட வடிவமைப்புப் போட்டிக்கு அனுப்பும் பலகையில் ரெண்டர் எனப்படும் காட்சிப்படத்தோடு ஒரு சிறு பத்தியும் இருக்கும். படத்தில் தெரியும் இடத்தின் சூழல் எப்படிப்பட்டது, என்ன பொருளால் ஆனது, ஏன் அந்தப் பொருள், வருகிற மக்கள் அங்கே என்ன உணர வேண்டும் என்பதை நடுவர்களுக்கு எடுத்துச்சொல்வது அதன் வேலை. படம் ஒரு கணத்தை மட்டுமே பிடித்து வைக்கிறது. நடக்க நடக்க அந்த இடம் எப்படி மாறும் என்பதை எழுத்துதான் காட்ட முடியும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவகத்துக்காக நடந்த போட்டி. 1981இல் வந்த 1,421 பதிவுகளையும் பெயர் மறைத்து, எண் மட்டும் இட்டு எட்டு நடுவர்கள் பார்வையிட்டார்கள். வென்றவர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த, 21 வயது மாயா லின். அவர் அனுப்பியவை மென்மையான பாஸ்டல் வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள். கட்டடக்கலைஞர்கள் வழக்கமாக வரைவதைப் போலத் தெளிவான கோடுகள் அவற்றில் இல்லை. பார்ப்பவருக்குப் பச்சைப் புல்வெளியில் ஒரு கரிய வடிவம் மட்டுமே தெரிந்திருக்கும். நடுவர்களை இணங்க வைத்தது தம் எழுத்துதான் என்று லின் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த எழுத்து கட்டடத்தைப் புகழ்வதில் தொடங்கவில்லை. பூங்காவின் வழியாக நடந்து வருபவருக்கு நிலத்தில் ஒரு பிளவு தென்படுகிறது. மண்ணிலிருந்து மெருகேற்றிய கருங்கல் சுவர் எழுந்து மீண்டும் மண்ணுக்குள் மறைகிறது என்று தொடங்குகிறது. பிறகு பார்வையாளர் சரிவில் இறங்குகிறார், சுவர்களில் செதுக்கிய பெயர்களை அடைகிறார். எண்ணிக்கையில் அடங்காதவை போலத் தோன்றும் அந்தப் பெயர்கள் இழப்பின் பேரளவை உணர்த்துகின்றன, தனித்தனி மனிதர்களை ஒன்றாகவும் இணைக்கின்றன. 'துயரமான', 'கம்பீரமான' போன்ற அடைமொழிகளை அடுக்காமல், கால் எங்கே போகிறது, கண் எதைச் சந்திக்கிறது என்ற வரிசையாலேயே உணர்வு உருவாகிறது. நல்ல பத்தியின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

பொருளைப் பற்றிய பகுதியும் இதே உறுதியோடு எழுதப்பட்டது. கடினமான, மெருகேற்றிய கருப்பு கிரானைட். முக்கால் அங்குல உயர எழுத்துகள். ஒவ்வொரு பெயருக்கும் ஒன்பது அங்குல நீளம். இரு சிறகுகளும் தலா 200 அடி. சந்திக்கும் முனையில் பத்தடி ஆழம். இந்த அளவுகள் அலங்காரத்துக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. இறந்தோர், காணாமற்போனோர் அனைவரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது போட்டியின் விதி. ஒரு பெயருக்கு எவ்வளவு இடம் என்று சொன்னதால், அந்த விதியைக் கல்லில் நிறைவேற்ற முடியுமா என்று நடுவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. கட்டியபோது அளவுகள் மாறின. ஒவ்வொரு சிறகும் ஏறத்தாழ 247 அடியாக நீண்டது, எழுத்துகளின் உயரம் அரை அங்குலத்தை ஒட்டிச் சுருங்கியது. பத்தியில் இருந்த எண்ணம் மட்டும் மாறவில்லை. கல், பெங்களூரு வட்டாரத்திலிருந்து சென்றது. மெருகேற்றிய கருமையில் பெயரைப் படிப்பவரின் முகமும் தெரிகிறது. வெளிர்நிறக் கல்லில் அவ்வளவு தெளிவான பிரதிபலிப்பு கிடைத்திருக்காது.

மக்கள் எப்படி உணர வேண்டும் என்பதை எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 'அனைவரையும் வரவேற்கும் துடிப்பான வெளி' என்று எழுதுவது எளிது. அந்த வாக்கியத்தை எடுத்து ஒரு நூலகத்தின் படத்துக்கு அடியிலோ, பேருந்து நிலையத்தின் படத்துக்கு அடியிலோ ஒட்டினாலும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் பத்தி வேலை செய்யவில்லை என்று அறியலாம். லின், இடம் அகலமாகவும் ஆழமின்றியும் இருப்பதால் தனிமை கிடைக்கும் என்றும், தெற்கு நோக்கிய வெயிலும் சுற்றியுள்ள புல்லும் அமைதி தரும் என்றும் எழுதினார். அமைதி வரும் என்றதோடு, எதனால் வரும் என்பதையும் சொல்லிவிட்டார். படத்தில் இல்லாத மரத்தையோ கூட்டத்தையோ பத்தி வாக்களிப்பது இன்னொரு பிழை. நடுவர் முதலில் படத்தைப் பார்த்துவிட்டே எழுத்துக்கு வருகிறார். இரண்டும் முரண்பட்டால் எழுத்தைத்தான் சந்தேகிப்பார்.

நடுவர்களை இணங்க வைத்த எழுத்து எல்லோரையும் இணங்க வைத்துவிடாது. வெற்றி அறிவிக்கப்பட்டதும், கருப்பு அவமானத்தின் நிறம் என்றும், மண்ணுக்குள் இறங்குவது தோல்வியை ஒப்புக்கொள்வது என்றும் முன்னாள் வீரர்கள் சிலர் எதிர்த்தார்கள். ஒரு பொருளுக்கு வடிவமைப்பாளர் தரும் அர்த்தமும் மக்கள் ஏற்கெனவே கொண்டிருக்கும் அர்த்தமும் வேறாக இருக்கலாம். சமரசமாக ஒரு கொடிக்கம்பமும், பிரெடரிக் ஹார்ட் வடித்த மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் சேர்க்கப்பட்டன. சுவர் 1982 நவம்பரில் அர்ப்பணிக்கப்பட்டது. சிலை 1984இல், சுவர்கள் சந்திக்கும் முனையில் அல்லாமல் சற்றுத் தள்ளி நிறுவப்பட்டது.